பாரில் இன்று எவ்வளவு ஏற்றுவது: சதவீதமா, ஆர்.பி.இ.யா, மிச்ச ரெப்பா?

பயிற்சி அட்டவணையில் "ஸ்குவாட், 4 செட், 5 ரெப்" என்று எழுதியாகிவிட்டது. எத்தனை கிலோ என்பதுதான் பாக்கி. அந்தக் காலியிடத்தை மூன்று விதமாக நிரப்பலாம். "80 சதவீதம்" என்று போடலாம். ஒரே ஒரு முறை தூக்க முடிந்த உச்ச எடையிலிருந்து கணக்கிடுவது அது. "ஆர்.பி.இ. 8" என்று போடலாம்; செட் எவ்வளவு கடினமாக இருந்தது என்று தூக்குபவரே பத்துக்கு மதிப்பெண் கொடுக்கிறார். "2 மிச்சம்" என்றும் போடலாம். செட்டை நிறுத்தும்போது இன்னும் இரண்டு ரெப் போட முடியும் என்ற அளவில் எடை இருக்க வேண்டும். இந்தக் கடைசி முறைக்கு ஆர்.ஐ.ஆர். என்று பெயர்.

என்னிடம் பயிற்சிக்கு வருபவர்களுக்கு நான் மூன்றையுமே எழுதிக் கொடுக்கிறேன், ஆனால் ஒரே வேலைக்கு அல்ல. எந்த இடத்தில் எது ஏமாற்றும் என்று தெரிந்தால் தேர்வு சுலபம்.

சதவீதம் எங்கே தடுக்குகிறது

ஒருவரை வைத்துப் பார்ப்போம். வயது முப்பத்தைந்து. மூன்று வருடமாக வெயிட் பயிற்சி செய்கிறார். மருத்துவமனையில் ஷிஃப்ட் வேலை. ஆறு வாரத்துக்கு முன்பு சோதித்தபோது ஸ்குவாட்டில் ஒரு ரெப்புக்கு 120 கிலோ. அதில் 80 சதவீதம் 96. பாரில் ஏற்றுவது 95. நன்றாகத் தூங்கி எழுந்த நாளில் அந்த எடையை அவர் ஏழெட்டு முறை தூக்குவார். ஐந்தோடு நிறுத்தினால் இரண்டோ மூன்றோ மிச்சம் இருக்கும். அட்டவணை போட்டவர் நினைத்ததும் அதைத்தான்.

அடுத்தடுத்து இரண்டு நைட் ஷிஃப்ட் பார்த்துவிட்டு ஜிம்முக்கு வருகிறார். அன்றைக்கு அவருடைய உச்சம் 112 கிலோதான் என்று வைத்துக்கொள்வோம். அதே 95 இப்போது 85 சதவீதம் ஆகிவிட்டது. ஐந்து ரெப் முடிகிறபோது ஒன்று மிச்சம் இருந்தால் பெரிய விஷயம். முதல் செட்டைச் சமாளித்துவிடுவார். மூன்றாவது செட்டின் நான்காவது ரெப்பில் நெஞ்சு எழுவதற்கு முன்பே இடுப்பு எழும்பும், முதுகு முன்னே சாயும், பார் கால்விரல் பக்கம் நகரும். நேர்மாறாக, ஆறு வார உழைப்பு பலித்து உச்சம் 128 ஆகியிருந்தால் 95 என்பது வெறும் 74 சதவீதம். ஐந்து போட்ட பிறகும் இன்னும் ஐந்து போடலாம். அந்தச் செட்டால் அவருக்குப் பெரிய பயன் இல்லை. இரண்டு நாளுக்கும் அட்டவணை சொல்வது ஒரே எண்ணைத்தான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. 80 சதவீதத்தில் எத்தனை ரெப் வரும் என்பது ஆளுக்கு ஆள் மாறும், ஒரே ஆளுக்கும் பயிற்சிக்குப் பயிற்சி மாறும். ஒருவர் ஆறோடு நின்றுவிடுவார், பக்கத்தில் இருப்பவர் பதினொன்று போடுவார். "80 சதவீதத்தில் 4 செட் 5 ரெப்" என்பது முதலாமவருக்குக் கடும் உழைப்பு, இரண்டாமவருக்கு வார்ம்-அப் மாதிரி.

மற்ற இரண்டும் எதைக் கேட்கின்றன

உழைப்பை எண்ணால் சொல்லும் வழக்கம் ஜிம்மில் பிறந்ததல்ல. ஸ்வீடன் நாட்டு உளவியலாளர் குன்னர் போர்க் 1960களில் சைக்கிள், ஓட்டம் போன்ற பயிற்சிகளுக்காக 6 முதல் 20 வரை ஓர் அளவுகோல் அமைத்தார். அந்த எண்ணைப் பத்தால் பெருக்கினால் இதயத்துடிப்பு ஏறத்தாழ வரும், 60 முதல் 200 வரை. விசித்திரமாக ஆறில் தொடங்குவது அதனால்தான். மாரடைப்புக்குப் பிறகான உடற்பயிற்சியில் "12, 13க்குள் இருங்கள்" என்று சொல்வது இந்தப் பழைய அளவுகோலை வைத்துத்தான். அந்தச் சார்ட்டைப் பார்த்து வெயிட் ஏற்றக் கூடாது.

பாருக்கு ஏற்றபடி அதைத் திருப்பியவர்களில் முக்கியமானவர் அமெரிக்கப் பவர்லிஃப்டர் மைக் டுக்‌ஷரர். 2000களின் பிற்பகுதியில் அவர் பரப்பிய முறையில் ஒவ்வொரு மதிப்பெண்ணும் மிச்சமுள்ள ரெப்போடு கட்டப்பட்டிருக்கிறது. 10 என்றால் இன்னொரு ரெப் கிடையாது. 9 என்றால் ஒன்று மிச்சம், 8 என்றால் இரண்டு, 7 என்றால் மூன்று. 8.5 என்றால் ஒன்று நிச்சயம், இரண்டாவது சந்தேகம். 9.5 என்றால் இன்னொரு ரெப் வராது, ஆனால் கொஞ்சம் எடை கூட்டியிருக்கலாம். 5, 6க்கு நான்கிலிருந்து ஆறு மிச்சம் என்று மொத்தமாகத்தான் சொல்வார்கள். அதற்குக் கீழே போனால் "லேசான உழைப்பு" என்பதற்கு மேல் அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை.

ஆக, 7க்கு மேலே ஆர்.பி.இ.யும் ஆர்.ஐ.ஆரும் ஒரே கணக்கு. இரண்டையும் கூட்டினால் பத்து. ஆனாலும் அவை கேட்கும் கேள்விகள் வேறு. "எவ்வளவு கடினம்?" என்று கேட்டால் மூச்சிரைப்பு, எரிச்சல், அன்றைய மனநிலை எல்லாம் பதிலில் கலந்துவிடும். "இன்னும் எத்தனை போட்டிருப்பீங்க?" என்று கேட்டால் பாரைப் பற்றி மட்டும் யோசிக்க வேண்டியிருக்கும். என் அனுபவத்தில் புதிதாகக் கற்பவர்களிடம் இரண்டாவது கேள்வியைக் கேட்பதே நல்லது. மதிப்பெண் கேட்டால் எல்லாருமே "ஏழு, எட்டு" என்று பாதுகாப்பான இடத்தில் நின்றுவிடுகிறார்கள்.

ஒரு மாலைப் பயிற்சி, எண்களோடு

ஷிஃப்ட் வேலைக்காரரிடம் திரும்புவோம். இந்த முறை அவர் தாளில் "5 ரெப், ஆர்.பி.இ. 8, 4 செட்" என்று இருக்கிறது. எடை எழுதவில்லை. அதற்காகக் கண்மூடித்தனமாகத் தொடங்கச் சொல்லவில்லை. எதிர்பார்க்கும் எடை 95 என்று மனதில் இருக்கட்டும். சதவீதம் செய்யக்கூடிய மிகச் சரியான வேலை அது: எங்கே தேட வேண்டும் என்று காட்டுவது.

வெறும் பார் எட்டு முறை, 50 கிலோ ஐந்து, 70 மூன்று, 85 இரண்டு. இந்த 85தான் அன்றைய சாட்சி. வார்ம்-அப் முழுக்க ஒவ்வொரு ரெப்பையும் முடிந்த அளவு வேகமாக மேலே தள்ள வேண்டும். சோம்பலாகத் தூக்கினால் வேகத்திலிருந்து எதையும் படிக்க முடியாது. வழக்கமாக 85 அவருக்குத் துள்ளி எழும். நைட் ஷிஃப்ட் முடிந்த மாலையில் இரண்டாவது ரெப் தொடை கிடைமட்டத்துக்குச் சற்று மேலே ஒரு நொடி தயங்கி ஏறுகிறது. எனவே 95ஐ விட்டுவிட்டு 90 ஏற்றுகிறார். ஐந்து ரெப் முடித்து பாரை ரேக்கில் வைக்கும்போது "இன்னும் ரெண்டு வந்திருக்கும்" என்று தோன்றுகிறது. ஆர்.பி.இ. 8, கேட்டது கிடைத்துவிட்டது. அதே எடையில் இரண்டாவது செட்டும் 8, மூன்றாவது 8.5, நான்காவது 9. களைப்பு சேரச் சேர மதிப்பெண் ஏறுவது இயல்பு. மூன்றாவது செட்டிலேயே 9 தொட்டிருந்தால் நான்காவதற்கு 85க்கு இறங்கியிருப்பார்.

இந்த ஒரு செட்டிலிருந்து இன்னொன்றும் கிடைக்கிறது. ஐந்து போட்டு இரண்டு மிச்சம் என்றால், 90 என்பது அவர் ஏழு முறை தூக்கக்கூடிய எடை. ஏழு ரெப் வரும் எடை உச்சத்தில் சுமார் 81 சதவீதம் என்று பவர்லிஃப்டர்களின் அட்டவணை சொல்கிறது. 90ஐ 0.81ஆல் வகுத்தால் 111. சோதனை எதுவும் வைக்காமலேயே அன்றைய உச்சம் தெரிந்துவிட்டது. ஒரு நாள் 111 என்று வந்ததற்காகத் திட்டத்தை மாற்ற வேண்டியதில்லை. மூன்று வாரம் தொடர்ந்து அங்கேயே கிடந்தால் தூக்கம், சாப்பாடு, செட்டுகளின் எண்ணிக்கை ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும்.

நல்ல நாளில் இதே தாள் என்ன செய்யும்? 85 பறக்கிறது, 95 ஏற்றுகிறார், ஐந்து முடிந்தும் இன்னும் ஐந்து போடலாம் என்று தோன்றுகிறது. அதாவது ஆர்.பி.இ. 5. ஒரு மதிப்பெண்ணுக்கு 3 முதல் 4 சதவீதம் எடை என்று வைத்துக்கொண்டால், எட்டைத் தொட மூன்று மதிப்பெண், கிட்டத்தட்ட 10 கிலோ. அடுத்த செட் 105. சதவீதத்தையே நம்பியிருந்தால் அந்த 10 கிலோ அடுத்த சோதனை வரை அவருக்குத் தெரியாமலே போயிருக்கும்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எரிக் ஹெல்ம்ஸும் உடன் ஆய்வாளர்களும் 2018இல் இரண்டு முறைகளையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்தார்கள். பயிற்சி பெற்றவர்கள், எட்டு வாரம், ஸ்குவாட்டும் பென்ச் பிரஸ்ஸும், செட்டும் ரெப்பும் சமம். ஒரு குழுவுக்குச் சதவீதம், மற்றதற்கு ஆர்.பி.இ. இரண்டு குழுவுமே வலுவானது. ஆர்.பி.இ. குழு சற்று முன்னே இருந்தாலும் வித்தியாசம் பெரிதல்ல. எனவே "ஆர்.பி.இ. போட்டால் ஏறும், சதவீதம் போட்டால் ஏறாது" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். தூக்கமும் வேலையும் சீராக இருப்பவருக்குச் சதவீதம் ஒழுங்காக வேலை செய்யும். நாளுக்கு நாள் வாழ்க்கை மாறுகிறவருக்குத்தான் இந்தத் தேர்வு உண்மையில் முக்கியம்.

ரெப் கூடினால் கணிப்பு குலையும்

ஐந்து ரெப் செட்டில் "இரண்டு மிச்சம்" என்பது நம்பத்தக்க தகவல். பதினைந்து ரெப் செட்டில் "ஐந்து மிச்சம்" என்பது பெரும்பாலும் ஊகம். மைக்கேல் ஸூர்டோஸ் குழுவினர் 2021இல் வெளியிட்ட ஆய்வில், பயிற்சி பெற்ற ஆண்கள் உச்சத்தின் 70 சதவீத எடையில் முடியும்வரை ஸ்குவாட் செய்தார்கள். செட்டின் நடுவிலேயே "இப்போது ஐந்து மிச்சம்", "இப்போது மூன்று", "இப்போது ஒன்று" என்று சொல்ல வேண்டும். சராசரியாகப் பதினாறு ரெப் வரை போனார்கள். ஐந்து என்று சொன்ன இடத்தில் பிழை ஏறத்தாழ ஐந்து ரெப். ஒன்று என்று சொன்ன இடத்தில் சுமார் இரண்டு. முடிவை நெருங்க நெருங்கக் கணிப்பு கூர்மையாகிறது, தூரத்தில் இருக்கும்போது எதுவும் தெரிவதில்லை.

காரணம் புரிந்துகொள்ளக்கூடியதே. ஸ்குவாட்டில் ஒன்பதாவது, பத்தாவது ரெப்பில் நெஞ்சு படபடக்கும், தொடை எரியும். இரண்டும் தாங்க முடியாதவை போலத் தோன்றும். ஆனால் பார் இன்னும் பெரிதாக மெதுவாகாமல் ஏறிக்கொண்டிருக்கும். தசை தோற்பதற்கு அடையாளம் எரிச்சல் அல்ல. முழுப் பலத்தோடு தள்ளியும் பார் மெதுவாவதுதான்.

இதிலிருந்து நான் கடைப்பிடிக்கும் எல்லை: பத்து ரெப்புக்கு மேல் போகும் செட்டுகளுக்கு மூன்றுக்கு மேல் மிச்சம் எழுதுவதில்லை. லெக் எக்ஸ்டென்ஷன், கர்ல், லேட்டரல் ரைஸ் போன்றவற்றில் "0 முதல் 2 மிச்சம்" என்றே எழுதுகிறேன். அங்கே தோற்றாலும் ஆபத்தில்லை, அந்த நெருக்கத்தில்தான் எண்ணையும் நம்பலாம். ஸ்குவாட்டையும் டெட்லிஃப்ட்டையும் எட்டு ரெப்புக்குள் வைத்து இரண்டு மூன்று மிச்சத்தில் நிறுத்தச் சொல்கிறேன்.

மறுமுனையில், ஒன்று இரண்டு ரெப் போடும் கனமான செட்டுகளுக்கு மிச்ச ரெப் என்பது மிகவும் முரட்டு அளவு. 110 கிலோவை ஒருமுறை தூக்கியவருக்கு "ஒன்று மிச்சம்" என்பதற்கும் "நிச்சயம் ஒன்று, ஒருவேளை இரண்டு" என்பதற்கும் நடுவில்தான் அடுத்த எடைக்கான முடிவு இருக்கிறது. அரை மதிப்பெண் கொண்ட ஆர்.பி.இ. அங்கே கைகொடுக்கும்.

டெட்லிஃப்ட் தனி ரகம். ஸ்குவாட்டும் பென்ச்சும் தோல்விக்கு முன் மெதுவாகி எச்சரிக்கும். டெட்லிஃப்ட்டில் நான்காவது ரெப் சாதாரணமாக வந்து, ஐந்தாவது தரையை விட்டே கிளம்பாமல் போகலாம். அல்லது கிளம்பும், முதுகு வளைந்து. எனவே மிச்சம் எண்ணும்போது ஒழுங்கான வடிவத்தில் வரக்கூடிய ரெப்பை மட்டுமே எண்ண வேண்டும். முதுகு வளைந்து வரும் ரெப் கணக்கில் சேராது. இதை முன்கூட்டியே முடிவு செய்யாவிட்டால் ஒரே ஆள் ஒரே செட்டுக்கு ஒரு நாள் 7ம் இன்னொரு நாள் 9ம் கொடுப்பார்.

தன் எண் சரியா என்று பார்ப்பது

பல ஆய்வுகளைத் தொகுத்து 2022இல் வந்த கணக்குப்படி, மனிதர்கள் சராசரியாக ஒரு ரெப் குறைத்தே சொல்கிறார்கள். இரண்டு மிச்சம் என்பவரிடம் மூன்று இருக்கும். சராசரிக்கு அந்தப் பக்கமும் ஆட்கள் உண்டு. நண்பர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது 9.5ஐ 8 என்பவர்கள். இருவரையும் கண்டுபிடிக்க ஒரே வழி போதும். மாதம் ஒருமுறை, பென்ச் பிரஸ்ஸின் கடைசி செட்டில், நல்ல ஸ்பாட்டர் ஒருவரை நிறுத்திக்கொண்டு அல்லது ரேக்கின் பாதுகாப்புக் கம்பிகளைச் சரியான உயரத்தில் வைத்து, "இப்போ ரெண்டு மிச்சம்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு முடியும்வரை போக வேண்டும். இரண்டு வந்தால் சரி. நான்கு வந்தால் இதுவரை எழுதிய 8 எல்லாம் உண்மையில் 6. ஒன்றுகூட வரவில்லை என்றால் அவர் பல வாரமாகத் தோல்வியின் விளிம்பிலேயே பயிற்சி செய்துகொண்டிருக்கிறார். மூட்டு வலிக்கும் தேக்கத்துக்கும் அங்கேயே விடை கிடைக்கலாம்.

பக்கவாட்டில் மொபைலை வைத்து எடுத்த வீடியோவும் உதவும். கடைசி ரெப் முதல் ரெப்பின் வேகத்திலேயே ஏறியிருந்தால் அது 9 அல்ல, ஆள் என்ன சொன்னாலும்.

பிளேட்டுகள் தரும் கட்டுப்பாடு

பல ஜிம்களில் மிகச் சிறிய பிளேட் இரண்டரைக் கிலோ. இரண்டு பக்கமும் போட்டால் ஐந்து கிலோ ஏறிவிடும். 100 கிலோ ஸ்குவாட்டில் அது 5 சதவீதம், ஒன்றரை மதிப்பெண்ணுக்கு நெருக்கம். 50 கிலோ பென்ச் போடுபவருக்கு 10 சதவீதம். ஒரே தாவலில் 7 ஏறத்தாழ 10 ஆகிவிடும். அவருக்கு "ஆர்.பி.இ. 8.5" என்று எழுதிக் கொடுத்தால் அந்த எண்ணைத் தொட ஒரு எடையே கிடைக்காது.

இங்கே ஆர்.ஐ.ஆர். தெளிவாக வெல்கிறது, ஏனென்றால் எடையை நிறுத்திவைத்து ரெப்பை ஓடவிடலாம். 50 கிலோ, 6 முதல் 10 ரெப், இரண்டு மிச்சத்தில் நிறுத்து. முதல் வாரம் ஆறில் நிற்பார், பிறகு ஏழு, ஒருவேளை மீண்டும் ஏழு, பிறகு எட்டு. இரண்டு மிச்சத்தோடு பத்து வந்த பிறகு 55க்குப் போனால் ஏழெட்டு ரெப் வரும், தாவல் உறைக்காது. டம்பெல் பயிற்சிகள் எல்லாவற்றுக்கும் இதுவே வழி. ஒரு ஜோடியிலிருந்து அடுத்த ஜோடிக்கு இடைவெளி அங்கே இன்னும் பெரியது.

யாருக்கு எது

பயிற்சியைத் தொடங்கி முதல் சில மாதங்களில் இருப்பவர் மூன்றையும் வைத்து எடை தேர்ந்தெடுக்க வேண்டாம். அவருடைய உச்சம் வாராவாரம் மாறுவதால் சதவீதம் நிற்காது. மிச்சத்தை உணரவும் இன்னும் பழகவில்லை. ஸூர்டோஸ் குழுவின் 2016 ஆய்வில், உண்மையான உச்ச எடையைத் தூக்கிய அனுபவசாலிகள் சராசரியாக 9.8 கொடுத்தார்கள், புதியவர்கள் 9க்குக் கொஞ்சம் கீழே. அதற்கு மேல் தூக்க முடியாத நிலையிலும் இன்னொன்று வரும் என்று நினைத்திருக்கிறார்கள். புதியவர் வடிவம் கெடாதவரை ஒவ்வொரு முறையும் மிகச் சிறிய பிளேட்டைக் கூட்டிக்கொண்டே போகட்டும். செட் முடிந்ததும் மிச்சத்தை ஊகித்து நோட்டில் எழுதிவைக்கட்டும். எடையை முடிவு செய்ய அல்ல, உணர்வைப் பழக்க.

இருபது பேரை ஒரே நேரத்தில் நடத்தும் கோச்சுக்கும், அண்மையில் உச்சத்தைச் சோதித்துவிட்டுப் போட்டிக்குத் தயாராகிறவருக்கும் சதவீதமே வசதி. எவ்வளவு சொன்னாலும் ஒவ்வொரு செட்டையும் 10க்குக் கொண்டுபோய்விடும் ஆளுக்கும் சதவீதம்தான். அவரைத் தாளில் உள்ள எண்தான் கட்டுப்படுத்தும்.

நம் ஷிஃப்ட் வேலைக்காரரின் தாள் கடைசியில் இப்படி அமைகிறது. ஸ்குவாட்டும் டெட்லிஃப்ட்டும்: எதிர்பார்க்கும் எடை 80 சதவீதக் கணக்கில் அடைப்புக்குறிக்குள், உண்மையான இலக்கு 5 ரெப், ஆர்.பி.இ. 8, எந்தச் செட்டாவது 9 தொட்டால் ஐந்து கிலோ இறக்கம். பென்ச் பிரஸ்: 6 முதல் 10 ரெப், 2 மிச்சம். டம்பெல் ரோ: 8 முதல் 12, 1 அல்லது 2 மிச்சம். லெக் கர்ல்: 10 முதல் 15, 0 அல்லது 1 மிச்சம். நைட் ஷிஃப்ட் வாரங்களில் அவர் மாற்றுவது செட்டுகளின் எண்ணிக்கையை மட்டுமே, நான்கு மூன்றாகிறது. எடையை 85 கிலோவின் அந்த இரண்டு ரெப்பே சொல்லிவிடுகிறது.